தொடைவலியும் கோ-க்யூ 10 மாத்திரையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

அந்த அம்மா மேசையில் முதலில் எடுத்து வைத்தது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். மாத்திரை டப்பாக்கள் அதற்கப்புறம்தான் பையிலிருந்து வந்தன. வயது 59, கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நோட்டில் தேதி போட்டு, ஒவ்வொரு நாளும் இரவு தொடைவலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு: "மாடிப்படி, பாதியில் நின்றேன்", "நாற்காலியிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருந்தது", "இன்று பரவாயில்லை".

"டாக்டர், இந்த கோ-க்யூ 10 எனக்கு வேலை செய்ததா இல்லையா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மருந்தால் தசை வலித்து, அதற்காக கோ-க்யூ 10 என்ற துணை மாத்திரையை எடுக்கும் பலர் கேட்கும் கேள்விதான் இது. ஆனால் கையில் கணக்கோடு வந்து கேட்டவர் இவர்தான். அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி, அந்த நோட்டில் இருந்ததையும் பிறகு நாங்கள் செய்ததையும் எழுதுகிறேன்.

நடந்தது என்ன

ஒன்றேகால் வருடத்துக்கு முன் அவருக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கு முன் எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 148. அடோர்வாஸ்டேடின் 20 மி.கி. கொடுத்ததில் 84-க்கு இறங்கியது. ஸ்டென்ட் வைத்தவருக்கு அது போதாது என்று பத்தாவது மாதத்தில் 40 மி.கி. ஆக உயர்த்தினார்கள்; 76 ஆனது. உயர்த்திய ஆறாவது வாரத்தில் வலி தொடங்கியது. இரண்டு தொடைகளிலும், இடுப்பைச் சுற்றியும், ஒரே அளவாக. மூட்டில் இல்லை, சதையில். உட்கார்ந்திருந்தால் தெரியாது, எழும்போதும் படி ஏறும்போதும் தெரியும்.

ஒன்பதாவது வாரத்தில் வலி 6-ஐத் தொட்டது. அந்த வாரம்தான் உறவினர் ஒருவர் சொல்லி, யுபிகுவினோன் என்கிற கோ-க்யூ 10 மாத்திரை, நாளைக்கு 100 மி.கி., சாப்பிட ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் வலி 3-க்கு வந்தது. நோட்டில் அந்தப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, "மாத்திரை பிடித்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார். அடுத்த இரண்டு மாதத்தில், அதே மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டபடியே, வலி மெல்ல 5-க்கு ஏறியது. என்னிடம் வந்தது அப்போதுதான்.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தோம். தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் கிரியேட்டின் கைனேஸ், சுருக்கமாக சி.கே., லேசாகத்தான் கூடியிருந்தது. உச்ச வரம்பின் ஒன்றரை மடங்கைத் தாண்டவில்லை. தைராய்டு சரியாக இருந்தது. தைராய்டு குறைபாடு தானாகவே தசைவலி தரும், ஸ்டேடின் வலியையும் தூண்டிவிடும், அதனால் அதைப் பார்க்காமல் மேலே போகக் கூடாது. சிறுநீரகம், கல்லீரல், வைட்டமின் டி எல்லாம் கவலைப்படும்படி இல்லை. புதிதாக வேறு மருந்து எதுவும் சேரவில்லை. கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கோ, இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்தோ சேர்ந்தால் அடோர்வாஸ்டேடின் உடம்பில் தேங்கிவிடும். அதனால் அதையும் கேட்டுக்கொண்டேன்.

தசையில் வலுவும் சோதித்தேன். வலி இருந்ததே தவிர பலவீனம் இல்லை. இந்த வித்தியாசம் முக்கியம். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாத அளவு பலவீனம், கருஞ்சிவப்பாகப் போகும் சிறுநீர், சி.கே. பத்து மடங்குக்கு மேல், இவற்றில் எது இருந்தாலும் கோ-க்யூ பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ஸ்டேடினை உடனே நிறுத்திவிட்டு அவசரமாக மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை அது. மருந்தை நிறுத்தி வாரக்கணக்கில் ஆன பிறகும் பலவீனம் கூடிக்கொண்டே போனால், உடம்பே தன் தசையைத் தாக்கும் அரிய நோய் ஒன்று உண்டு, அதையும் தேட வேண்டும். இந்த அம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது

கோ-க்யூ 10 வேலை செய்யும் என்று நம்ப நல்ல காரணம் ஒன்று இருக்கிறது. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

உயிரணுவுக்குள் மெவலோனேட் என்ற பொருளிலிருந்து பல பொருள்கள் உருவாகின்றன. ஒரு பெரிய வாய்க்கால் கீழே போய்ப் பல கிளையாகப் பிரிவது போல நினைத்துக்கொள்ளலாம். ஒரு கிளையில் கொலஸ்ட்ரால் கிடைக்கிறது. இன்னொரு கிளையில் யுபிகுவினோன் மூலக்கூறின் நீண்ட வால் உருவாகிறது. ஸ்டேடின் மருந்து மதகை அடைப்பது தலைவாய்க்காலில், கிளைகள் பிரிவதற்கு முன்பே. அப்படியானால் கொலஸ்ட்ராலோடு சேர்ந்து யுபிகுவினோனும் குறைய வேண்டும். யுபிகுவினோன் இருப்பது மைட்டோகாண்ட்ரியாவில். அங்கே எலக்ட்ரான்களைக் கைமாற்றி, தசைக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்க உதவுகிறது. 1957-ல் மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஃபிரெடெரிக் கிரேன் இதைப் பிரித்தெடுத்தார். ஆற்றல் தரும் பொருள் குறைந்தால் தசை வலிக்கும், வெளியிலிருந்து கொடுத்தால் வலி போகும். கேட்க அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. ஸ்டேடினையும் கோ-க்யூவையும் சேர்த்துக் கொடுக்கும் யோசனைக்கு மெர்க் என்ற மருந்து நிறுவனம் 1990-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. "கம்பெனிக்கே தெரியும், மறைத்துவிட்டார்கள்" என்று இன்றும் சிலர் இதைக் காட்டுவார்கள். யோசனைக்குக் காப்புரிமை கிடைக்கும். அது நோயாளியிடம் பலித்தது என்பதற்கு அது சான்று ஆகாது.

ஸ்டேடின் எடுப்பவர்களின் ரத்தத்தில் கோ-க்யூ அளவு குறைவது உண்மைதான். பல ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. ஆனால் இங்கே ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. கோ-க்யூ கொழுப்பில் கரையும் பொருள். ரத்தத்தில் அது பெரும்பாலும் எல்.டி.எல். துகள்களில் ஏறித்தான் பயணம் செய்கிறது. ஸ்டேடின் அந்தத் துகள்களைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. பேருந்துகளைப் பாதியாகக் குறைத்தால் சாலையில் பயணிகளும் குறையத்தான் செய்வார்கள். ஊரில் ஆளே இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. எல்.டி.எல். அளவோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால் குறைவு பெரும்பாலும் காணாமல் போகிறது. உண்மையில் பார்க்க வேண்டியது தசைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை. தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிம்வாஸ்டேடின் 80 மி.கி. போன்ற உச்ச அளவில் தசையில் குறைந்ததாக ஓர் ஆய்வு சொன்னது. குறைந்த அளவுகளில் குறையவில்லை என்று வேறு ஆய்வுகள் சொல்லின. ஆக, அடிப்படையே உறுதியாக இல்லை. ரத்தப் பரிசோதனையில் "கோ-க்யூ குறைவு" என்று வந்த தாளைக் காட்டி யாராவது மாத்திரை எழுதிக் கொடுத்தால், அந்தத் தாள் பேருந்துகளை எண்ணியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலித்ததாகச் சொன்ன ஆய்வு

2007-ல் ஒரே ஆண்டில் இரண்டு சின்ன ஆய்வுகள் வந்தன. கேசோவும் சகாக்களும் ஸ்டேடினால் வலி என்று சொன்ன 32 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 100 மி.கி. கோ-க்யூ, மறுபக்கம் வைட்டமின் ஈ, 30 நாள் கொடுத்தார்கள். கோ-க்யூ பக்கத்தில் வலி 40 சதவீதம் குறைந்தது; வைட்டமின் ஈ பக்கத்தில் மாற்றம் இல்லை. கடைகளில் மாத்திரை விற்பதற்குப் பின்னால் இன்றும் நிற்பது இந்த மாதிரி எண்தான். நியூசிலாந்தில் யங்கும் சகாக்களும் 44 பேருக்கு, அதைப் போல இரு மடங்கு அளவில், 200 மி.கி., 12 வாரம் கொடுத்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அதற்கப்புறமும் இதே இழுபறிதான். 2012-ல் புக்ஸ்டேவர் குழு 76 பேரிடம் ஒன்றும் காணவில்லை. 2014-ல் ஸ்லோவேனியாவில் 50 பேரிடம் ஸ்கார்லோவ்னிக் குழு பலன் கண்டது. ஒன்று ஆம் என்றால் அடுத்தது இல்லை. இப்படி வரும்போது நாம் கேட்க வேண்டியது "எத்தனை ஆம், எத்தனை இல்லை" என்பதை அல்ல. இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்களின் வலி உண்மையில் ஸ்டேடினால் வந்ததா என்பதைத்தான். பெரும்பாலானவற்றில் அதைச் சோதிக்கவே இல்லை. "ஸ்டேடின் ஆரம்பித்த பிறகு வலிக்கிறது" என்று ஒருவர் சொன்னால் போதும், சேர்த்துக்கொண்டார்கள். முதுமையில் வரும் தேய்மான வலியும், தோட்டத்தில் குனிந்து வேலை செய்த வலியும், உண்மையான ஸ்டேடின் வலியும் ஒரே கூடையில் விழுந்துவிட்டன.

ஹார்ட்ஃபர்டில் செய்தது

இந்த ஓட்டையை அடைக்க முயன்றவர்கள் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனையைச் சேர்ந்த பெத் டெய்லரும் பால் தாம்சனும். ஆய்வு 2015-ல் வெளியானது. என் நோயாளிக்கு நான் விளக்கியதும் இதைத்தான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முன்பு ஸ்டேடினால் வலி வந்ததாகச் சொன்ன 120 பேரை எடுத்தார்கள். அவர்களுக்கு நேரே கோ-க்யூ கொடுக்கவில்லை. முதலில் எட்டு வாரம் சிம்வாஸ்டேடின் 20 மி.கி., எட்டு வாரம் வெற்று மாத்திரை. எது எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இடையில் மருந்து முழுவதும் வெளியேற இடைவெளி. இந்த முன்சோதனையின் கேள்வி ஒன்றே ஒன்று: ஸ்டேடினில் வலித்து, வெற்று மாத்திரையில் வலிக்காமல் இருந்தவர் யார்?

120 பேரில் 43 பேர். சதவீதத்தில் 35.8. இன்னொரு 35 பேருக்கு வெற்று மாத்திரையில் வலித்தது, ஸ்டேடினில் வலிக்கவில்லை. 21 பேருக்கு இரண்டிலும் வலி. 21 பேருக்கு இரண்டிலும் வலி இல்லை. இந்த எண்களைப் படித்தபோது நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். ஸ்டேடின்தான் காரணம் என்று உறுதியாக நம்பியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அந்தச் சோதனை அதை உறுதி செய்யவில்லை. வலி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை, வலித்தது உண்மை. எங்கிருந்து வந்தது என்பதில்தான் தவறு.

அடுத்த கட்டத்துக்கு உண்மையான ஸ்டேடின் வலிக்காரர்களை மட்டும், 41 பேரை, எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் சிம்வாஸ்டேடின் 20 மி.கி.; பாதிப் பேருக்கு அதோடு கோ-க்யூ, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை; எட்டு வாரம். அளவு நாளைக்கு 600 மி.கி., அதுவும் உடம்பு எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் என்று சொல்லி விற்கப்படும் யுபிகுவினால் வடிவில். கேசோ கொடுத்ததைப் போல ஆறு மடங்கு. "அளவு போதாது", "வடிவம் சரியில்லை" என்று யாரும் பிறகு சொல்லக் கூடாது என்பதற்காகவே இப்படித் திட்டமிட்டது போலத் தோன்றும்.

உறிஞ்சவும் செய்தது. ரத்தத்தில் கோ-க்யூ மில்லிலிட்டருக்கு 1.3 மைக்ரோகிராமிலிருந்து 5.2-க்கு ஏறியது, நான்கு மடங்கு. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 1.3-லிருந்து 0.8-க்கு இறங்கியது. ஒரு பக்கம் நிரம்பி வழிகிறது, மறுபக்கம் வற்றுகிறது. கொள்கை சரியென்றால் வலியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஸ்டேடினில் வலி கூடியது, ஏறத்தாழ ஒரே அளவில். வலி தொடங்க ஆன காலம் கோ-க்யூ பக்கம் சராசரி 3 வாரம், மறுபக்கம் 2.4 வாரம், சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. தசை வலுவிலும் உடற்பயிற்சித் திறனிலும் மாற்றம் இல்லை. வலிப்பதாகச் சொன்னவர்கள் கோ-க்யூ பக்கம் 20 பேரில் 14, வெற்று மாத்திரைப் பக்கம் 18 பேரில் 7. அதை வைத்து கோ-க்யூ வலியைக் கூட்டுகிறது என்று சொல்லிவிடக் கூடாது; இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் அது தற்செயலாகவும் வரும். ஆனால் உதவியது என்று சொல்ல நிச்சயம் இடம் தரவில்லை. பிறகு 24 பேரை எதிர்ப்பக்கம் மாற்றிப் பார்த்தபோதும் அதே கதைதான்.

இந்த ஆய்வுக்கும் எல்லை உண்டு. மொத்தம் நாற்பது பேர் அளவில்தான். சின்னப் பலன் ஒன்று இருந்திருந்தால் தப்பிப் போயிருக்கலாம். ரத்தத்தில் ஏறியது தசைக்குள் நுழைந்ததா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் மாத்திரையை வாங்கி விழுங்குகிறவருக்கு வேண்டியது வலி குறைவது. 600 மி.கி. விழுங்கியும் அது நடக்கவில்லை என்றால், 100 மி.கி. விழுங்கி நடக்கும் என்று எதை வைத்து நம்புவது?

எல்லா ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்தவர்களும் இரண்டு பட்டார்கள். 2015-ல் பனாக்கும் சகாக்களும் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துப் பலன் இல்லை என்றார்கள். 2018-ல் சூ என்பவரின் குழு 12 ஆய்வுகள், 575 பேரைச் சேர்த்துப் பார்த்து வலி குறைகிறது என்றது, சி.கே. குறையவில்லை என்பதையும் சொன்னது. 2020-ல் கென்னடி குழு ஏழு ஆய்வுகள், 321 பேரை எடுத்து மறுபடியும் பலன் இல்லை என்றது. எந்த ஆய்வை உள்ளே விட்டார்கள், எதை வெளியே நிறுத்தினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் விடை மாறுகிறது. சின்னச் சின்ன ஆய்வுகளைக் கூட்டினால் எண்ணிக்கை கூடுமே தவிர, உள்ளே இருக்கும் ஓட்டை கூட்டலில் மறையாது. நான் அதிக எடை கொடுப்பது முன்சோதனை செய்த அந்த ஒன்றுக்குத்தான். அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் 2018 கொலஸ்ட்ரால் வழிகாட்டியும் ஸ்டேடின் வலிக்கு கோ-க்யூவை வழக்கமாகக் கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை. பலன் இல்லை என்ற வகையில் அதை வைத்திருக்கிறது.

அப்படியென்றால் 6 எப்படி 3 ஆனது?

அந்த அம்மா விடவில்லை. "என் நோட்டு பொய் சொல்லாதுங்களே டாக்டர்" என்றார். சொல்லவில்லைதான். நோட்டைத் திருப்பி, கோ-க்யூ ஆரம்பிப்பதற்கு முந்தைய மூன்று வாரத்தை அவரையே படிக்கச் சொன்னேன். 4, 3, 5, 4, 3, 5, 6, 6. வலி ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் மாத்திரை வாங்கியது 6-ல் நின்ற வாரத்தில். யாரும் வலி 3-ல் இருக்கும்போது புது மாத்திரை தேடிப் போவதில்லை. தாங்க முடியாத நாளில்தான் போவோம். உச்சியில் இருப்பது அடுத்து இறங்கத்தான் அதிக வாய்ப்பு. அந்த இறக்கத்தின் பெருமை, பக்கத்தில் நின்ற மாத்திரைக்குப் போய்விடுகிறது. வெற்று மாத்திரையோடு ஒப்பிடாத எந்த அனுபவத்திலும் இது கலந்தே இருக்கும். கணக்கு ஆசிரியை அல்லவா, சொன்ன உடனே புரிந்துகொண்டார். பென்சிலை எடுத்து மூன்று வாரத்துக்கும் சராசரி போட்டுப் பார்த்தார்.

எதிர்பார்ப்பும் வலியை மாற்றும், இரண்டு பக்கமும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 2020-ல் வெளியான சாம்சன் ஆய்வில், ஸ்டேடினைத் தாங்க முடியாமல் நிறுத்திய 60 பேருக்கு மாதம் ஒரு டப்பா வீதம் பன்னிரண்டு டப்பா கொடுத்தார்கள்: நான்கில் அடோர்வாஸ்டேடின் 20 மி.கி., நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலி. நூறுக்கு எத்தனை என்று தினமும் தொந்தரவைக் குறித்தார்கள். காலி மாதங்களில் சராசரி 8.0. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4. ஸ்டேடின் மாதங்களில் 16.3. மாத்திரை எடுக்கிறோம் என்ற நினைப்பே தொந்தரவின் பெரும்பகுதியைக் கொண்டுவந்திருக்கிறது. "இது வலி தரும்" என்ற நினைப்பு வலியைக் கூட்டுமானால், "இது வலியைத் தீர்க்கும்" என்று நம்பி விழுங்கிய கோ-க்யூ கொஞ்ச நாள் வலியைக் குறைத்ததில் வியப்பு என்ன?

நாங்கள் செய்தது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தோம். கோ-க்யூவை அப்படியே விட்டுவிட்டு, இதய மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அடோர்வாஸ்டேடினை மூன்று வாரம் நிறுத்தினோம். ஸ்டென்ட் வைத்தவர் இதைத் தானாகச் செய்யக் கூடாது. ஸ்டென்ட் வைத்துப் பல மாதம் கடந்து நிலை உறுதியாக இருந்ததால்தான் ஒப்புக்கொண்டோம். பத்தாவது நாள் வலி 2. பதினாறாவது நாள் 1. மறுபடி அதே 40 மி.கி. தொடங்கினோம். மறுபடி தொடங்கிய பதினேழாவது நாள் 4, இருபதாவது நாள் 5.

தொடைகளில் சமமாக வலி, நிறுத்திய இரண்டு வாரத்துக்குள் குறைவு, மறுபடி கொடுத்த நான்கு வாரத்துக்குள் திரும்பி வந்தது. ஸ்டேடின் வலியை எடைபோடப் பயன்படும் அளவுகோலில் இவை எல்லாமே ஆம் பக்கம் நிற்கும் அடையாளங்கள். அவருக்கு எது எப்போது என்று தெரியும், ஆகவே எதிர்பார்ப்பு கலந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இந்த ஆறு வாரமும் கோ-க்யூ ஒரு மி.கி. கூட மாறவில்லை. வலி இறங்கியபோதும் அது இருந்தது, ஏறியபோதும் இருந்தது. வலி ஸ்டேடினோடு போய் ஸ்டேடினோடு வந்தது. நோட்டில் அந்தப் பக்கத்தை அவரே எனக்குத் திருப்பிக் காட்டினார்.

அடுத்து ஸ்டேடினை மாற்றினோம். ரோசுவாஸ்டேடின் 5 மி.கி., கூடவே எசெடிமைப் 10 மி.கி. எசெடிமைப் குடலில் கொழுப்பு உறிஞ்சுவதைத் தடுக்கிறது. ஸ்டேடின் அளவைக் குறைத்துக்கொண்டு எல்.டி.எல்.-ஐப் பிடித்து வைக்க அது துணை. ஆறு வாரத்தில் எல்.டி.எல். 74, வலி பெரும்பாலும் 1, எப்போதாவது 2. நிலை நின்றது என்று தெரிந்த பிறகு கோ-க்யூவை நிறுத்தச் சொன்னேன். கொஞ்சம் தயங்கினார். "நல்லாத்தானே இருக்கு, அதுவும் இருந்துட்டுப் போகட்டுமே?" என்றார்.

தயக்கம் புரிகிறது. கோ-க்யூ பெரிய தீங்கு செய்யும் மாத்திரை இல்லை. சிலருக்கு வயிற்றுப் புரட்டல், சிலருக்குத் தூக்கம் கெடுவது, அவ்வளவுதான். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: அதன் வடிவம் வைட்டமின் கே-யை ஒத்திருப்பதால் வார்ஃபரின் வேலை குறைந்ததாகச் சில நோயாளிகள் பற்றிய அறிக்கைகள் உண்டு. இவர் வார்ஃபரின் எடுக்கவில்லை. ஆனால் என் கவலை வேறு. வலி மறுபடி வந்தால் "கோ-க்யூ அளவைக் கூட்டிப் பார்ப்போம்" என்று இன்னும் மூன்று மாதம் போகும். அந்த மூன்று மாதத்தில் வலி தாங்காமல் பலர் ஸ்டேடினைத்தான் சத்தமில்லாமல் நிறுத்துகிறார்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆபத்து அங்கேதான். மாத்திரையால் வரும் கெடுதல் அதன் உள்ளே இருப்பதில்லை. சரியான மாற்றத்தைத் தள்ளிப்போட வைப்பதில் இருக்கிறது. இதை அவரிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

நிறுத்தினார். நான்கு வாரம் நோட்டில் 1, 1, 0, 2, 1 என்றே ஓடியது. பிறகு ரோசுவாஸ்டேடினை 10 மி.கி. ஆக்கினோம். எட்டு வாரம் கழித்து வந்தபோது எல்.டி.எல். 64, வலி 1. மாடிப்படி பற்றிக் கேட்டேன். "இப்போ நடுவுல நிக்கிறதில்ல" என்றார். பையிலிருந்து பாதி காலியான கோ-க்யூ டப்பாவை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, நோட்டில் அன்றைய தேதியைப் போட்டார்.